'வயசாயிடுச்சு, அதான் மறக்குது' என்று விட்டுவிடுகிறீர்களா? சாதாரண மறதியையும் டிமென்ஷியாவையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பௌர்ணமி இரவு அடி அண்ணாமலை ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். மலையின் மேற்குப் பக்கம் இருக்கிற இந்த ஊருக்கு வந்து சேரும்போது பாதி தூரம் நடந்து முடித்திருப்பார்கள். கால் வலிக்க ஆரம்பித்திருக்கும். அங்கே ரோட்டோரத்தில் கற்பூரம், ஊதுபத்தி, விளக்குத் திரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் என் ஆயா, அப்பாவைப் பெற்றவர். வயது 71. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் ஒரே நேரத்தில் நாலு பேர் நூறு ரூபாய் நோட்டை நீட்டினாலும் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று மனசுக்குள்ளேயே போட்டுக் கொடுத்துவிடுவார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ஒரு பௌர்ணமியில், நாற்பது ரூபாய்க்குச் சாமான் வாங்கிய ஒருவர் நடந்து போய்விட்டு உடனே திரும்பி வந்தார். "பாட்டி, நூறு ரூபாய்க்கு நூத்தி அறுபது குடுத்திருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே நூறைத் திருப்பிக் கொடுத்தார். கூட்டம், களைப்பு, தூக்கமில்லை. வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த சில மாதங்களில் ஆயா புதுசாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். யாராவது பெரிய நோட்டு கொடுத்தால் தன் சுருக்குப் பையைத் திறந்து நீட்டி, "நீயே எடுத்துக்கோ கண்ணு" என்பார். வந்தவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்தது. எங்களுக்கும்தான்.

இந்த இரண்டில் எது கவலைப்பட வேண்டிய விஷயம் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் முதலாவதைச் சொல்வார்கள். சில்லறை தப்பாகக் கொடுப்பது யாருக்கும் நடக்கும். எண்ணுவதையே ஒருவர் கைவிட்டுவிட்டார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

மறந்தது திரும்பி வருகிறதா?

முதலில் வார்த்தையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். டிமென்ஷியா என்பது தனி ஒரு நோயின் பெயர் கிடையாது. நினைவு, பேச்சு, கணக்கு, வழி அறிதல், முடிவெடுத்தல் இவற்றில் சில குறைந்துகொண்டே போய், அன்றாட வேலையைத் தானாகச் செய்ய முடியாத நிலை வருவதற்கு மொத்தமாக வைத்த பெயர். அந்த நிலையை உண்டாக்கும் நோய்கள் பல. அதில் அதிகம் பேருக்கு வருவது அல்சைமர். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அடைபடுவதால் வருவது இன்னொரு முக்கியமான வகை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதிகம் இருக்கிற நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

தமிழில் இதை 'மறதி நோய்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். எனக்கு அந்தப் பெயரில் ஒரு சங்கடம் இருக்கிறது. பெயரிலேயே மறதி இருப்பதால் எல்லாரும் மறதியை மட்டும் தேடுகிறார்கள். யாழ்ப்பாணத் தமிழில் 'அறளை பெயர்தல்' என்பார்கள். அந்தச் சொல்லில் மறதி என்பதே இல்லை. புத்தி நிலை பிசகுவதைத்தான் அது சொல்கிறது.

சரி, மறதிக்கே வருவோம். வயதாகும்போது மூளை தகவலைத் தேடி எடுக்கும் வேகம் குறைகிறது. தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், வராது. அரை மணி நேரம் கழித்துக் குளிக்கும்போது வந்துவிடும். "கல்யாணத்துக்கு ஆரணியில இருந்து வந்தாரே" என்று நீங்கள் ஒரு நூல் எடுத்துக் கொடுத்தால் "அட, ஆமா" என்பார்கள். தகவல் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் நேரமாகிறது.

அல்சைமரின் ஆரம்பத்தில் பழுதாவது பதிவு செய்யும் இடம். நேற்று நடந்தது உள்ளே போகவே இல்லை. அதனால் எவ்வளவு நூல் எடுத்துக் கொடுத்தாலும் வராது. "நேத்து அத்தை வந்தாங்களே, முறுக்கு கொண்டு வந்தாங்களே, நீங்ககூட உப்பு கம்மின்னு சொன்னீங்களே" என்றாலும் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் 1970-களில் நடந்த கல்யாணத்தில் யார் யார் என்ன மொய் வைத்தார்கள் என்பது வரைக்கும் சொல்வார்கள். அது பல வருஷத்துக்கு முன்பே பதிவானது. "பழசெல்லாம் இவ்வளவு ஞாபகம் வச்சிருக்காங்க, அவங்களுக்கு என்ன?" என்று குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆயா போனில் பேசும்போது "அங்க மழை பெஞ்சுதா?" என்று கேட்பார். பெய்யவில்லை என்பேன். ரெண்டு நிமிஷத்தில் மறுபடி அதே கேள்வி. வைப்பதற்கு முன் மூன்றாவது முறை. அக்கறை என்றுதான் நினைத்தேன். ஒரே கேள்வியை அதே குரலில், முன்பு கேட்ட சுவடே இல்லாமல் திரும்பக் கேட்பது ஆரம்ப அறிகுறிகளில் மிகப் பொதுவான ஒன்று என்பது பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு வித்தியாசமும் சொல்வார்கள். "எனக்கு ஞாபக மறதி ஜாஸ்தியாயிடுச்சு" என்று தானே வந்து புலம்புகிறவரைவிட, தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்க, கூட இருப்பவர்கள் கவலைப்படுகிற ஆளைப் பற்றித்தான் மருத்துவர்கள் அதிகம் யோசிக்கிறார்கள். இது எல்லாருக்கும் பொருந்தும் விதி இல்லை. ஆரம்பத்தில் தனக்குள்ளேயே உணர்ந்து பயப்படுகிறவர்களும் உண்டு.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு ஏன் தெரிவதில்லை?

இதற்கு நல்ல ஆதாரம் திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில், வேலூரிலேயே இருக்கிறது.

'10/66' என்று ஓர் ஆய்வுக் குழு. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தும், ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அந்த நாடுகளில் நடப்பதில்லை என்பதைக் குறிக்க வைத்த பெயர். இவர்கள் இந்தியா, சீனா, கியூபா, பெரு உள்ளிட்ட 7 நாடுகளில் 11 இடங்களில், 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 15,000 பேரை வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்தார்கள். இந்தியாவில் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களும் தமிழ்நாட்டில்தான். நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். முடிவுகள் 2008-ல் 'லான்செட்' இதழில் வந்தன.

அப்போது அமெரிக்க மனநல மருத்துவர்கள் வகுத்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, வேலூர் கிராமங்களில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். கியூபாவிலோ 6.3 சதவீதம். கேட்டால் சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் இந்த மாதிரி சமூகங்களுக்கு என்றே அந்தக் குழு உருவாக்கிச் சரிபார்த்த இன்னொரு முறையில் கணக்கிட்டபோது அந்தப் பெரிய இடைவெளி காணாமல் போனது. எந்த இடத்தை எடுத்தாலும் 5.6 சதவீதத்துக்கும் 11.7 சதவீதத்துக்கும் நடுவில்தான் இருந்தது.

ஏன் இப்படி? பழைய அளவுகோலில் டிமென்ஷியா என்று எழுத வேண்டுமானால், முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்ல வேண்டும். வளர்ச்சி குறைந்த பகுதிகளில் குடும்பத்தினர் அப்படிச் சொல்வது குறைவாக இருந்ததைத்தான் ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். சமையலை மருமகள் பார்த்துக்கொள்கிறார். பேங்க் வேலை மகன். மாத்திரை எடுத்துக் கொடுப்பது பேத்தி. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும். எந்த வேலையும் எதிர்பார்க்காத இடத்தில், வேலை கெட்டுப்போனது எப்படித் தெரியும்? கூட்டுக் குடும்பத்தின் நல்ல குணமே இங்கே திரையாகிவிடுகிறது.

60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொன்னது. இதில் எத்தனை வீடுகளில் 'வயசாயிடுச்சு' என்ற ஒரே வார்த்தையோடு கதை முடிந்திருக்கும் என்று தெரியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் 1990-களில் டிமென்ஷியா ஆய்வு நடந்தபோது இதே பிரச்சினை வந்தது. மேலை நாட்டுக் கேள்வித்தாளில் செக் எழுதுகிறாரா, கார் ஓட்டுகிறாரா என்ற மாதிரி கேள்விகள் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் குடும்பத்துப் பெரியவரிடம் அதை வைத்து என்ன செய்வது? அதனால் அங்கே வீட்டாரிடம் வேறு கேள்விகள் கேட்டார்கள். சாப்பிட்டு முடித்ததை மறந்துவிடுகிறாரா? பெரிய பண்டிகைகள் ஞாபகம் இருக்கிறதா? கல்யாணம் மாதிரி குடும்ப விஷயத்தில் தன் கருத்தைச் சொல்கிறாரா? சொந்த ஊரிலேயே வழி தவறுகிறாரா?

இதையே நம் வீட்டுக்கு மாற்றிக் கேட்டுக்கொள்ளலாம். பரீட்சை வைக்க வேண்டாம். கடைசி ஒரு வருஷத்தில் அவர் கையைவிட்டுப் போன வேலைகள் என்னென்ன, அவற்றை இப்போது யார் செய்கிறார்கள் என்று மட்டும் யோசியுங்கள். முட்டி வலியால் விட்டது, கண் தெரியாமல் விட்டது என்றால் அது வேறு. உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய, காலமெல்லாம் செய்த ஒன்றை விட்டிருந்தால்தான் கேள்வி.

ஆயா விஷயத்தில் இப்படி யோசித்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கார்த்திகை தீபத்துக்கு எத்தனை கட்டு திரி வாங்கி வைக்க வேண்டும் என்பதை வருஷா வருஷம் ஒரு மாதம் முன்பே அவர்தான் சொல்வார். போன தீபத்துக்குச் சொல்லவே இல்லை, சித்திதான் வாங்கினார். குழம்புக்கு உப்பு இரண்டு முறை விழ ஆரம்பித்ததும் அடுப்படியை விட்டு ஒதுங்கிக்கொண்டார். அத்தை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, எல்லாவற்றிலும் நாலு குறை சொல்கிற மனுஷி, "நீங்க பாத்து செய்யுங்க" என்று முடித்துவிட்டார். பெரிய மனசு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். பேச்சு எந்தத் திசையில் போகிறது என்று பிடிக்க முடியாததால் ஒதுங்கியிருக்கிறார். ஆர்வம் வற்றிப்போவதும் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம்.

வீட்டை உடைக்கிற ஓர் அறிகுறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருட்டுப் பழி. ஆயாவின் சுருக்குப் பை ஒருநாள் காணாமல் போனது. "உன் பொண்டாட்டிதான் எடுத்துட்டா" என்று சித்தப்பாவிடம் அழுதார். மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பை கடைசியில் அரிசி டிரம்மில் கிடைத்தது. சாவியை எங்கோ வைத்துவிட்டு, எங்கெங்கே போனோம் என்று பின்னோக்கி யோசித்துத் தேடி எடுப்பது சாதாரண மறதி. அரிசிக்குள் பணப்பை, பீரோவுக்குள் செருப்பு என்று பொருந்தாத இடத்தில் வைப்பதும், வைத்த நினைவே இல்லாததால் 'எடுத்திருக்கிறார்கள்' என்று மூளை ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வதும் வேறு கதை. பழி பெரும்பாலும் மிக அருகில் இருந்து பார்த்துக்கொள்பவர் மேல்தான் விழுகிறது. நம் வீடுகளில் அது மருமகள். மாமியார்-மருமகள் சண்டை என்று பஞ்சாயத்து பேசி முடித்த எத்தனை விஷயங்கள் உண்மையில் நோயாக இருந்திருக்குமோ!

அப்புறம் வழி. பிறந்து வளர்ந்த ஊரில், தினமும் போகிற கடையிலிருந்து திரும்பும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று நிற்பது. கிரிவலப் பாதையில் இது இன்னும் ஆபத்து. பௌர்ணமி இரவில் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் நடப்பார்கள். வழி தெரியாமல் நடக்கிற ஒரு வயதான அம்மாவைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. சாமி கும்பிடப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

எல்லாமே டிமென்ஷியாவா? இல்லை, இதையும் பாருங்கள்

எப்போது ஆரம்பித்தது என்ற கேள்விக்குப் பதில் ரொம்ப முக்கியம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வந்தால்தான் டிமென்ஷியா பக்கம் யோசிக்க வேண்டும். போன வாரம் வரை நன்றாக இருந்தவர் இரண்டே நாளில் உளறுகிறார், பகலில் தூங்கி வழிகிறார், ஆள் மாறி மாறிப் பேசுகிறார் என்றால் அது அவசரம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் சோடியம் குறைவது, தண்ணீர் வற்றிப்போவது, சர்க்கரை மாத்திரையால் சர்க்கரை திடீரென்று இறங்குவது என்று பல காரணங்கள் இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். முகம் கோணுவது, கை கால் விழுவது இருந்தால் பக்கவாதம். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108. சில வாரங்களுக்கு முன்பு கீழே விழுந்து தலையில் அடிபட்டவருக்குக் குழப்பம் ஆரம்பித்தாலும் தள்ளிப்போடக் கூடாது. மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து சேரலாம்.

மெல்ல வருவதிலும் சரிசெய்யக்கூடியவை இருக்கின்றன. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, காது கேட்காமல் இருப்பது, தூக்க மாத்திரைகள், சில சளி-அலர்ஜி மாத்திரைகள். துணை இறந்த பிறகு ஆறு மாதமாக எதிலும் பிடிப்பில்லாமல், கேட்டதற்கெல்லாம் "தெரியல" என்று சொல்லும் பெரியவருக்கு மறதியைவிட மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்து இருக்கிறது. 'இது டிமென்ஷியாதான், என்ன பண்றது' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் இதெல்லாம் தவறிப்போகும்.

எப்படிச் சொல்வது?

அறிகுறியைக் கண்டுபிடிப்பதைவிட இது கஷ்டம். முதல் இரண்டு முறை நாங்களே கெடுத்துக்கொண்டோம்.

முதலாவது சித்தப்பா. கடையில் சில்லறை தப்பிய கோபத்தில், வாங்க வந்தவர்கள் முன்னாலேயே "உனக்கு புத்தி மழுங்கிப் போச்சாம்மா?" என்று கத்திவிட்டார். ஆயா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஒரு வாரம் கடைக்கும் வரவில்லை.

இரண்டாவது நான். தீபாவளிக்குப் போயிருந்தபோது, எங்கேயோ படித்ததை வைத்துக்கொண்டு பரீட்சை வைத்தேன். "ஆயா, இன்னிக்கு என்ன தேதி?" என்றேன். "ஏன், காலண்டர் கிழிக்கத் தெரியாதா ஒனக்கு? போய்ப் பாரு" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் பதில் சொல்லவில்லை என்பதை வீட்டில் யாருமே கவனிக்கவில்லை. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்கள் கேலியாலும் சாமர்த்தியத்தாலும் இப்படி மூடி மறைப்பார்கள். ரெண்டு நாள் விருந்தாளியாக வந்துபோகிற வெளியூர் மகனுக்கு "அம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்று தோன்றுவதும் இதனால்தான். கூடவே இருப்பவர் சொல்வதற்கே எடை அதிகம். எங்கள் வீட்டில் முதலில் சொன்னது சித்தி. பழி சுமந்தவர் என்பதால் அவர் சொன்னது புகாராகவே கேட்டது.

அதனால் பேச வேண்டியவர் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாசமோ படிப்போ மட்டும் போதாது. பெரியவர் யாரிடம் தன் பலவீனத்தைச் சொல்வாரோ, அவர் பேச வேண்டும். எங்களுக்கு அது அத்தை. ஒருவர் மட்டும் பேச வேண்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் அது விசாரணை.

நேரமும் முக்கியம். தப்பு நடந்த சூட்டில் வேண்டாம். சாயங்காலமும் வேண்டாம், களைப்பில் குழப்பம் கூடும். அத்தை ஒரு காலையில், ஆயாவுக்குத் தலை குளித்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து முடி உலர்த்தும்போது ஆரம்பித்தார். கை வேலையாக இருந்ததால் முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. அது ஒரு வசதி.

"போன பௌர்ணமிக்கு கூட்டத்துல தலை சுத்துதுன்னு சொன்னியேம்மா. சில்லறை எண்ணக் கஷ்டமா இருக்கா?"

"ஆமா... நோட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்குது."

"எவ்ளோ நாளா இருக்கும்?"

"தெரியல. ராத்திரி படுத்தா பயமா இருக்குதுடி."

அந்தக் கடைசி வரிக்கு அத்தை ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "என்னன்னு பயமா இருக்கும்மா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். தன் மாமியார் கடைசிக் காலத்தில் ஆள் தெரியாமல் கிடந்ததை ஆயா சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. எங்களிடம் சொல்லத்தான் வழியில்லை.

பிறகு அத்தை சொன்னது: "சுகர் மாத்திரை பத்து வருஷமா சாப்பிடுற. அதுல சத்து கொறஞ்சாக்கூட இப்படி ஆகுமாம். ரத்தம் குடுத்துப் பாப்போம். நானும் கூட வர்றேன், எனக்கும் பிரஷர் பாக்கணும்." இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்மை. ஆயா கவுச்சி தொடமாட்டார், அதனால் வாய்ப்பு இன்னும் அதிகம். கல்யாணத்துக்குப் போகலாம் என்று கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் இறக்கினால் அடுத்த முறை வண்டியிலேயே ஏற மாட்டார்கள்.

நீங்கள் பேசும்போது டிமென்ஷியா, மூளை, பைத்தியம் போன்ற சொற்களே தேவையில்லை. அவர் வாயால் சொன்ன ஒரு கஷ்டத்திலிருந்து தொடங்குங்கள். "எனக்கு ஒண்ணும் இல்ல, போ" என்றால் வாதாடாமல் விட்டுவிட்டு, ரெண்டு வாரம் கழித்து வேறு ஒரு சமயம் பாருங்கள். அதற்குள் நடப்பதைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். முற்றிலும் மறுத்தால், வழக்கமாகச் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி வைத்தால் அவரே பேச்சை எடுப்பார். டாக்டர் சொன்னால் கேட்கிற தலைமுறை அது.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

மாவட்ட அளவில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவம், நரம்பியல் அல்லது மனநலப் பிரிவில் ஆரம்பிக்கலாம். குறித்து வைத்த தாளையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் தனியாகக் கொடுங்கள். பெரியவர் முன்னால் குற்றப் பத்திரிகை மாதிரி வாசிக்காதீர்கள்.

டாக்டர் கேள்வி கேட்கும்போது நீங்கள் பதில் சொல்லாமல் இருப்பதுதான் பெரிய உதவி. ஒவ்வொரு கேள்விக்கும் பெரியவர் பக்கத்தில் இருக்கிற மகளைத் திரும்பிப் பார்க்கிறாரா என்பதைக்கூட மருத்துவர்கள் கவனிப்பார்கள். சில சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது, ஒரு நிமிஷத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார் என்று பார்ப்பது மாதிரி சோதனைகள் இருக்கும். பள்ளிக்கூடம் போகாதவரை எழுதச் சொல்லி, படம் வரையச் சொல்லி மார்க் போட்டால் நன்றாக இருப்பவரும் ஃபெயிலாவார். அதனால் படிப்பு எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை, சோடியம், தைராய்டு, பி12, சிறுநீரகம், கல்லீரல். தேவைப்பட்டால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

ஆயாவுக்கு பி12 குறைவாக இருந்தது. காதில் அழுக்கு கெட்டியாக அடைத்திருந்தது. ஊசி போட்டார்கள், காதைச் சுத்தம் செய்தார்கள். மூன்று மாதத்தில் டிவி சத்தம் குறைந்தது, முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மழைக் கேள்வி மூன்றிலிருந்து இரண்டானது. இதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் சில்லறையும் திசையும் திரும்பவில்லை. ஸ்கேனையும் சோதனைகளையும் வைத்து டிமென்ஷியாவின் ஆரம்பக் கட்டம் என்று டாக்டர் சொன்னார். டோனெபெசில் மாத்திரை எழுதினார். இது நோயை நிறுத்தாது. சிலருக்குக் கொஞ்ச காலம் அறிகுறிகளைத் தாங்கிப் பிடிக்கும். நாடித் துடிப்பைக் குறைக்கக்கூடியது என்பதால் முதலில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ஆரம்பத்தில் குமட்டல் இருந்தது, சாப்பாட்டுக்குப் பின் கொடுத்ததும் பழகிவிட்டது.

குணமாகாது என்றால் சீக்கிரம் கண்டுபிடித்து என்ன லாபம் என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். எங்களுக்குக் கிடைத்தது இது: காதும் பி12-ம் சரியாயின. வீட்டுப் பத்திரம், பேங்க் நாமினி விஷயங்களை ஆயாவே யோசித்து, தன் வாயால் யாருக்கு எது என்று சொல்லி முடிக்க முடிந்தது. இன்னும் ரெண்டு வருஷம் போயிருந்தால் அதை நாங்கள்தான் முடிவு செய்திருப்போம், சண்டையும் போட்டிருப்போம். சித்தி மேல் இருந்த பழியும் போனது. டாக்டர் ரூமிலிருந்து வெளியே வந்த சித்தப்பா, சித்தியிடம் ஒன்றும் பேசாமல் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் முதியோருக்கான இலவச உதவி எண் 14567-ல் கேட்கலாம். பார்த்துக்கொள்பவர்களுக்கே மனசு பாரமானால் டெலிமானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

ஆயா இப்போதும் பௌர்ணமிக்குக் கடை போடுகிறார். கற்பூரம், ஊதுபத்தி, திரி எல்லாவற்றையும் ஒரே பத்து ரூபாய் பொட்டலமாகச் சித்தி கட்டித் தருகிறார். பெரிய நோட்டுக்குச் சில்லறை தர சித்தப்பா மகன் பக்கத்திலேயே உட்காருகிறான். சுருக்குப் பைக்குள் போன் நம்பர் எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. போன பௌர்ணமியில் ஒருத்தர் "எல்லாமே பத்து ரூபாயா பாட்டி?" என்று கேட்டதற்கு ஆயா சொன்ன பதில்: "எண்ணி எண்ணி அலுத்துப் போச்சு கண்ணு."